படலையும் வேலியும்: ஆறு வயதுப் பிள்ளைக்கு எதிர்ச்சொல் நொடி

“திறந்தால் வழி, மூடினால் வேலி. மாமா வந்தால் திறப்பாய், மாடு வந்தால் மூடுவாய். நான் யார்?”

இந்த நொடிக்கு விடை படலை. பெரியவர்களுக்கு உடனே விளங்கிவிடும். ஆறு வயதுப் பிள்ளை சற்று நின்று யோசிக்கும். அப்படி யோசிக்கும்போதே ‘திற’, ‘மூடு’ என்ற இரண்டு எதிர்ச்சொற்களும் அதன் மனதில் ஒன்றாக ஏறிவிடுகின்றன. ‘திற – மூடு’ என்று பத்துத் தரம் பாடமாக்கும் பிள்ளைக்கு ஓசைதான் மிஞ்சும்.

1991 இல் காரைநகரை விட்டு வெளியேறிய குடும்பங்களிற் சில 1996 இன் பின் ஊர் திரும்பின. வேறு சில குடாநாட்டின் மற்ற ஊர்களிலும் வன்னியிலும் தங்கிவிட்டன. அப்படித் தங்கிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்காக நாம் ஒரு நொடித்தாள் தயாரித்தோம். அதை எப்படி அமைத்தோம், எங்கே பிழைவிட்டோம் என்பதை இங்கே சொல்கிறோம். ஒரு கொப்பித் தாளும் பென்சிலும் இருந்தால் நீங்களும் வீட்டிலே செய்யலாம்.

தாளின் ஒரு பக்கத்தில் நான்கு நொடிகள் போதும். ஒவ்வொரு நொடிக்கும் பக்கத்தில் மூன்று படங்கள். நொடியை வாசிப்பது பெரியவரின் வேலை. பிள்ளை கேட்டு, படத்தைப் பார்த்து, விடைக்கு நிறம் தீட்ட வேண்டும். இந்த வயதிலே எழுத்துக் கூட்டி வாசிக்க விட்டால், வாசித்து முடிக்குமுன் நொடி மறந்துபோகும்.

மூன்று படங்களையும் கண்டபடி கீறக்கூடாது. ஒன்று சரியான விடை. இன்னொன்று நொடியின் ஒரு பாதிக்கு மட்டும் பொருந்துவது. மூன்றாவது ஒன்றுக்கும் பொருந்தாதது. படலை நொடிக்கு நாம் படலை, வேலி, ஏணி என்று கீறினோம். வேலிக்கு நிறம் தீட்டுகிற பிள்ளை ‘மூடினால் வேலி’ என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது என்று அறியலாம். அந்தப் பிள்ளையிடம் “பிழை” என்று சொல்லாமல், “வேலியைத் திறக்கலாமோ?” என்று கேட்டால் போதும், தானே திருத்திக்கொள்ளும். ஏணிக்கு நிறம் தீட்டினால் பிள்ளை நொடியைக் கேட்கவேயில்லை, அல்லது படலை என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. தகரக் கொட்டிலிலே வளர்ந்த சில பிள்ளைகள் படலையைக் கண்டதேயில்லை. அவர்களை அயலிலே ஒரு படலைக்குக் கூட்டிச் சென்று திறந்து மூடச் சொன்ன பிறகே தாளைக் கொடுத்தோம்.

எல்லா எதிர்ச்சொற்களும் ஒரே இனமல்ல. இதுதான் எமக்கு முதலிற் பிடிபடாதது. படலை ஒன்றில் திறந்திருக்கும், அல்லது மூடியிருக்கும். ‘பெரிது – சிறிது’ அப்படியல்ல. முதல் தாளில் தனியே ஓர் ஆட்டைக் கீறி, “இது பெரிதா, சிறிதா?” என்று கேட்டிருந்தோம். பாதிப் பிள்ளைகள் பெரிது என்றார்கள், பாதிப் பேர் சிறிது என்றார்கள். இரு பகுதியினரும் சொன்னது சரிதான், பிழை கேள்வியில் இருந்தது. நடுவே படியுள்ள எதிரையும் படியில்லாத எதிரையும் அரிஸ்டோட்டில் பிரித்துக் காட்டியதைக் குருமடத்துத் தர்க்கவியலிற் படித்திருந்தோம். அங்கே அரைகுறையாய் விளங்கியதை இந்த ஆடு முழுதாய் விளக்கிவிட்டது! பிறகு நொடியை மாற்றினோம்:

“கோழிக்குப் பக்கத்தில் நான் பெரிது, மாட்டுக்குப் பக்கத்தில் நான் சிறிது. குழை போட்டால் ஓடி வருவேன். நான் யார்?”

படத்திலே கோழி, ஆடு, மாடு மூன்றும் ஒரே தரையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். தனித்தனிப் பெட்டிக்குள் ஒரே அளவாய்க் கீறினால் கோழியும் மாடும் சமமாகிவிடும். உயரம் – கட்டை, பாரம் – இலேசு, கெதி – ஆறுதல் எல்லாவற்றுக்கும் இப்படியே இரண்டு பொருள்களைச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

இன்னொரு சிக்கல், நாக்குக்குத் தெரிவது கண்ணுக்குத் தெரியாது. காரைநகரிலே குடிக்கக்கூடிய நல்ல தண்ணீர்க் கிணறு சிலவே, மற்றவை உவர். ‘நல்ல தண்ணீர் – உவர்த் தண்ணீர்’ என்பது அந்த ஊரவருக்கு உயிரான எதிர்ச்சொல். அதற்கு இரண்டு கிணறு கீறினோம். இரண்டும் ஒரேமாதிரி இருந்தன! பிறகு கிணறுகளை விட்டுவிட்டு, குடித்துச் சிரிக்கும் முகம் ஒன்றும், வாயைச் சுளித்துத் துப்பும் முகம் ஒன்றும் கீறினோம். அதோடு இரண்டு கோப்பையிலே தண்ணீர் வைத்து, ஒன்றில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்து, நாக்கிலே ஒரு துளி வைத்துப் பார்க்கச் செய்தோம்.

நொடி ஒன்றுக்கு ஒரு சோடிதான். கிணற்று வாளியைப் பற்றி மேலே – கீழே, உள்ளே – வெளியே, பாரம் – இலேசு என்று மூன்று சோடியை ஒரே நொடிக்குள் திணித்தோம். எமக்கு அது அழகாய் இருந்தது. பிள்ளைகள் “தண்ணி” என்று கத்திவிட்டு விளையாடப் போய்விட்டார்கள்.

ஒரு படத்தை நாம் முற்றாகவே எடுத்துவிட்டோம். ‘போ – வா’ என்பதற்குப் பொன்னாலைப் பாலத்தின்மேல் ஒரு குடும்பம் மூட்டையோடு நடந்து போவதையும், திரும்பி வருவதையும் கீறியிருந்தோம். பிள்ளைகள் அதை ஒன்றும் நினைக்கவில்லை. பக்கத்திலே இருந்த அம்மம்மா தாளை மெல்லக் கவிழ்த்து வைத்துவிட்டார். அந்தப் பாலத்தால் ஊரை விட்டு நடந்தவர் அவர். இப்போது அந்த இடத்தில் காலையில் மேயப் போகிற மாடும், மாலையில் பட்டிக்கு வருகிற மாடும் நிற்கின்றன.

தாள் முடிந்தபின் ஊகிக்கும் விளையாட்டு. எட்டுப் பட அட்டைகளை நிலத்திலே பரப்புங்கள்: மாடு, கோழி, சுறா, இறால், வண்டில், சுளகு, வள்ளம், தூண்டில். ஒரு பிள்ளை ஒன்றை மனதில் நினைக்கும். மற்றவர்கள் பெயரைச் சொல்லக்கூடாது, சோடியாகத்தான் கேட்க வேண்டும். “உயிர் உள்ளதா, இல்லாததா?” என்று கேட்க “இல்லாதது” என்று வந்தால் மாடு, கோழி, சுறா, இறால் நான்கையும் கவிழ்க்கலாம். “ஆட்டைவிடப் பெரிதா, சிறிதா?” “பெரிது.” சுளகும் தூண்டிலும் கவிழும். “கரையிலா, கடலிலா?” “கடலில்.” வள்ளம்! ஒவ்வொரு கேள்வியும் பாதியைக் கழிப்பதால் மூன்றே கேள்வியில் விடை வந்துவிடும். பிள்ளைகள் இதை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். ‘ஆட்டைவிட’ என்ற சொல்லை விட்டுவிட்டால் சண்டை வரும், கவனம். வண்டில் ஓடுகிறபடியால் அதற்கு உயிர் உண்டு என்று சாதிக்கிற பிள்ளையும் இருக்கும். கோபிக்காமல், “வண்டிலுக்குப் பசிக்குமோ?” என்று கேளுங்கள். கடல் காணாத வன்னிப் பிள்ளைகளுக்குக் கடல் அட்டைகளை மாற்றிக் குளத்து அட்டைகள் வையுங்கள். சுறாவுக்கு முதலை, இறாலுக்குத் தவளை. வள்ளமும் தூண்டிலும் அங்கேயும் உண்டு.

“திறவுக்கு எதிர்?” என்றால் சில பிள்ளைகள் “திறக்காதே” என்பார்கள். கருத்து பிழையல்ல, சொல் இன்னும் வரவில்லை. “ஓம், அதற்கு வேறு சொல்லும் இருக்கிறது” என்று கூறிப் படலையை மூடிக் காட்டுங்கள். தாளில் ‘வேகம்’ என்றிருக்கப் பிள்ளை ‘கெதி’ என்றால் அதுவும் சரியே. பள்ளிக்கூடச் சொல்லைப் பக்கத்திலே சேர்த்துச் சொன்னாற் போதும்.

நல்ல தண்ணீர் நொடியை மட்டும் வகுப்பிலே முடிக்காமல் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறோம். அதை அப்பப்பாவிடமோ அம்மம்மாவிடமோ போட்டு, “உங்கட ஊரில எந்தக் கிணறு நல்ல தண்ணி?” என்று கேட்டு, அந்தக் கிணற்றின் பெயரைத் தாளின் பின்பக்கத்தில் எழுதுவித்து வர வேண்டும்.