மூன்று நாள் பஞ்சகர்மாவில் ஓய்வு கிடைக்குமா?

மூன்று இரவு, நான்கு பகல், பஞ்சகர்மா, காலையில் யோகா, மாலையில் படகுச் சவாரி, எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். கேரளத்து ஆயுர்வேத விடுதி விளம்பரங்கள் பல இப்படித்தான் இருக்கின்றன. ஓய்வு தேடிப் போகிறவர் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தப் பஞ்சகர்மாவைத்தான்.

அது சிகிச்சை. அதில் ஒன்றான பேதிச் சிகிச்சையை முறைப்படி செய்வதென்றால், மருந்து சேர்த்த நெய்யைத் தினமும் அளவு கூட்டி மூன்று முதல் ஏழு நாள் வரை குடிக்க வேண்டும். பிறகு எண்ணெய் தேய்த்து வியர்க்க வைப்பார்கள். அதற்குப் பிறகே பேதி மருந்து. வயிறு காலியானதும் கஞ்சியில் தொடங்கிப் படிப்படியாகத்தான் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பலாம். இதற்கிடையே அலைச்சல் கூடாது, பகல் தூக்கமும் கூடாது. தூங்கப் போனவருக்கு இது எப்படி விடுமுறையாகும்? நான்கு பகலுக்குள் இத்தனையும் அடங்கவே அடங்காது. பெரும்பாலும் கிடைப்பது எண்ணெய்த் தேய்ப்புதான். அதில் சுகம் உண்டு. ஆனால் தேய்ப்புக்குரிய விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

பணம் கட்டுமுன் அன்றாட நேர அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். காலை 6 மணிக்கு யோகா, 9 மணிக்குத் தேய்ப்பு, 11 மணிக்குச் சமையல் வகுப்பு, 3 மணிக்குப் படகு, 5 மணிக்கு மீண்டும் தேய்ப்பு, 7 மணிக்குத் தியானம் என்று இருந்தால், இடையிடையே சாப்பாடும் குளியலும் போக மிஞ்சுவது சொற்பம். அலுவலக நாளைவிட நெருக்கடி! எதையும் விட்டுவிட்டு அறையிலேயே கிடக்கலாமா என்று கேளுங்கள். தயங்கினால் அந்த இடம் வேண்டாம்.

காபிப் பழக்கம் உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல விடுதிகளில் காபி கிடையாது. தினசரி குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கலாம். இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போகலாம். ஒரு வாரம்கூட நீடிக்கலாம். விடுமுறை முழுக்க அதிலேயே போய்விடும். 'உடலின் நச்சு வெளியேறுகிறது' என்று யாராவது சமாதானம் சொன்னால் நம்பாதீர்கள்; காபி இல்லாத குறைதான் அது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு டம்ளராகக் குறைத்து வாருங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், அங்கே பி.ஏ.எம்.எஸ். படித்த மருத்துவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அந்த மாத்திரைகளை நிறுத்தச் சொல்லும் இடத்துக்குப் போகவே வேண்டாம். உண்மையிலேயே சிகிச்சை வேண்டுமானால் இரண்டு, மூன்று வாரம் விடுப்பு எடுத்து ஆயுர்வேத மருத்துவமனைக்குப் போங்கள். களைப்பு மட்டும்தான் என்றால் அட்டவணை இல்லாத சாதாரண விடுதி போதும், செலவும் குறையும்.