சரியாத பங்கைச் சரித்துக் காட்டும் சார்ட்

2020 ஆகஸ்ட் 28, வெள்ளிக்கிழமை. ஆப்பிள் பங்கு 499.23 டாலரில் முடிந்தது. அடுத்த வர்த்தக நாளான ஆகஸ்ட் 31, திங்கட்கிழமை முடிந்த விலை 129.04 டாலர். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் ஒரே நாளில் 74 சதவீத வீழ்ச்சி. ஆனால் அன்று ஆப்பிள் பங்கு வைத்திருந்த யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு பங்கு நான்காகப் பிரிக்கப்பட்டு வர்த்தகத்துக்கு வந்த முதல் நாள் அது. வெள்ளியன்று 100 பங்கு வைத்திருந்தவரின் முதலீட்டு மதிப்பு 49,923 டாலர். திங்களன்று அவர் கையில் இருந்தது 400 பங்கு, மதிப்பு 51,616 டாலர். அதாவது 3.4 சதவீத லாபம்.

மனிதருக்கு இந்த விவரம் தெரியும். இண்டிகேட்டருக்குத் தெரியாது. அதற்குக் கிடைப்பது விலைகளின் வரிசை மட்டுமே. 499-க்கு அடுத்து 129 வந்தால், அதை வீழ்ச்சி என்றுதான் கணக்கிடும்.

ஆர்.எஸ்.ஐ.யை எடுத்துக்கொள்வோம். கடந்த 14 நாள்களில் விலை ஏறிய அளவுகளையும் இறங்கிய அளவுகளையும் தனித்தனியே கூட்டி, மொத்த அசைவில் ஏற்றத்தின் பங்கு எத்தனை சதவீதம் என்று சொல்வது இதன் எளிய வடிவம். 70-க்கு மேல் போனால் அதிகம் வாங்கப்பட்ட பங்கு, 30-க்குக் கீழே வந்தால் அதிகம் விற்கப்பட்ட பங்கு என்று பொதுவாகப் படிப்பார்கள். ஆகஸ்ட் 28 அன்று ஆப்பிளின் 14 நாள் ஏற்றங்களைக் கூட்டினால் 74.33 டாலர், இறக்கங்களைக் கூட்டினால் 26.01 டாலர். ஆர்.எஸ்.ஐ. 74.

திங்களன்று சரிசெய்யாத விலையைக் கொடுத்தால், 370 டாலர் இறக்கம் ஒன்று கணக்கில் சேர்கிறது. ஆர்.எஸ்.ஐ. 16-க்கு விழுகிறது. பழைய விலைகளை நான்கால் வகுத்துவிட்டு அதே கணக்கைப் போட்டால் வருவது 88. அதே பங்கு, அதே நாள், அதே சூத்திரம். ஒன்று ‘அளவுக்கு மீறி விற்றுவிட்டார்கள், வாங்கலாம்’ என்கிறது. மற்றொன்று ‘அளவுக்கு மீறி ஏறிவிட்டது, கவனம்’ என்கிறது.

20 நாள் மூவிங் ஆவரேஜும் இப்படித்தான். சரிசெய்யாத கணக்கில் திங்களன்று சராசரி 451.52 டாலர். விலை அதற்கு எங்கோ கீழே கிடக்கிறது. சரிசெய்த கணக்கில் சராசரி 117.72. விலை அதற்கு மேலே நிற்கிறது. போக்கு ஏறுமுகமா இறங்குமுகமா என்ற அடிப்படைக் கேள்விக்கே பதில் தலைகீழாகிறது.

இந்தக் கோளாறு ஒரு நாளில் போய்விடாது. 200 நாள் சராசரியில், பிரிப்புக்கு முந்தைய கடைசி விலை வெளியேறும் வரை, ஏறத்தாழ பத்து மாதத்துக்கு அது ஒட்டிக்கொண்டிருக்கும். வைல்டர் வகுத்த மூல ஆர்.எஸ்.ஐ.யில் பழைய சராசரியின் 14-ல் 13 பங்கு ஒவ்வொரு நாளும் அடுத்த நாளுக்குக் கடத்தப்படுகிறது. ஆகவே 14 நாள் கழிந்த பிறகும் அந்தப் பொய் வீழ்ச்சியின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கணக்கில் மிச்சமிருக்கும்.

டிவிடெண்டின் தொந்தரவு இதைவிடச் சிறியது. அதனாலேயே கண்ணுக்குத் தப்பிவிடும். 2004-ல் மைக்ரோசாஃப்ட் பங்குக்கு 3 டாலர் சிறப்பு டிவிடெண்டும், வழக்கமான 8 சென்ட்டும் சேர்த்துத் தந்தது. எக்ஸ்-டேட், அதாவது அன்று முதல் வாங்குபவருக்கு டிவிடெண்ட் கிடையாது என்ற நாள், நவம்பர் 15. அதற்கு முந்தைய முடிவு விலை 29.97 டாலர், அன்றைய முடிவு 27.39. சார்ட்டில் 8.6 சதவீத இறக்கம். ஸ்டாப்லாஸ் விதியை வைத்துப் பழைய தரவில் சோதிப்பவருக்கு இது ‘விற்றுவிடு’ என்ற கட்டளை. முதலீட்டாளருக்கோ 3.08 டாலர் பணமாக வரவேண்டியிருந்தது. அதையும் சேர்த்துப் பார்த்தால் அன்று லாபம்தான்.

இனி சரிசெய்யும் வழி. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு காரணி கண்டுபிடிக்க வேண்டும்:

```
split  : factor = new_face / old_face
bonus  : factor = b / (a + b)      (a:b)
dividend: factor = 1 - D / C
```

முதல் வரி இந்திய வழக்கம். முகமதிப்பு 10 ரூபாய்ப் பங்கு 2 ரூபாயானால் ஒரு பங்கு ஐந்தாகிறது. பழைய விலையை ஐந்தால் வகுக்க வேண்டும் என்பதால், காரணி 1/5. போனஸுக்கும் டிவிடெண்டுக்கும்கூடச் சூத்திரம் தருவதே நேரடிக் காரணி. D என்பது டிவிடெண்ட், C என்பது எக்ஸ்-டேட்டுக்கு முந்தைய நாளின் சரிசெய்யாத முடிவு விலை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் காரணி 0.8972. 29.97-ஐ அதனால் பெருக்கினால் 26.89. அங்கிருந்து 27.39 என்பது சுமார் 1.9 சதவீத ஏற்றம்.

எக்ஸ்-டேட்டுக்கு முந்தைய எல்லா நாள்களின் தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு என நான்கு விலைகளையும் காரணியால் பெருக்க வேண்டும். பல நிகழ்வுகள் இருந்தால் அண்மையிலிருந்து பின்னோக்கிப் போய், காரணிகளை ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டே போகலாம். முடிவு விலையை மட்டும் மாற்றிவிட்டு உச்சத்தையும் தாழ்வையும் அப்படியே விட்டால், முடிவு விலை அன்றைய தாழ்வுக்கும் கீழே போய்விடும். ஸ்டோகாஸ்டிக், ஏ.டி.ஆர். போன்றவை அர்த்தமற்ற எண்களைத் தரும்.

பிரிப்பு, போனஸ் இரண்டுக்கும் வால்யூமையும் எதிர்த்திசையில் சரிசெய்ய வேண்டும். ஆப்பிளில் வெள்ளியன்று கைமாறியது சுமார் 4.69 கோடிப் பங்கு, திங்களன்று 22.57 கோடி. ஏறக்குறைய ஐந்து மடங்கு போலத் தெரியும். வெள்ளிக்கிழமை எண்ணை நான்கால் பெருக்கினால் 18.76 கோடி. உண்மையான உயர்வு 20 சதவீதம்தான்.

இந்தியப் பங்குகளில் ஒரு பொறி உண்டு. 2:1 போனஸ் என்றால் ஒரு பங்குக்கு இரண்டு புதிய பங்கு. மொத்தம் மூன்று, எனவே காரணி 1/3. அமெரிக்காவில் 2-க்கு-1 பிரிப்பு என்றால் மொத்தமே இரண்டு, காரணி 1/2. எண்கள் ஒன்றுபோல இருப்பதால் இங்கே தவறு எளிதில் நுழைகிறது.

தரவு சரிசெய்யப்பட்டதா என்று அறிய, ஒரே நாளில் விலை பாதி, மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று என ஆன நாள்களைத் தேடுங்கள். கிடைத்தவுடன் பெருக்கிவிடாதீர்கள். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர் பங்கு சுமார் 78 சதவீதம் விழுந்தது. அது பிரிப்பல்ல. நிறுவனத் தலைவர் கணக்கு மோசடியை ஒப்புக்கொண்ட நாள். ஆப்பிளின் 74 சதவீதப் பொய் இறக்கமும் சத்யத்தின் மெய் வீழ்ச்சியும் சார்ட்டில் ஒரே மாதிரி தெரியும். பங்குச் சந்தை வெளியிடும் கார்ப்பரேட் நடவடிக்கைப் பட்டியலில் தேதியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எதிர்த்திசையிலும் கவனம் தேவை. யாஹூ ஃபைனான்ஸின் Close பத்தியில் பிரிப்பு ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருக்கும், Adj Close பத்தியில் டிவிடெண்டும் சேர்ந்திருக்கும். அதன் மேல் மறுபடி காரணியைப் போட்டால் புதிய பொய் உருவாகும்.

டிவிடெண்ட் சரிசெய்த விலைகளுக்கு ஓர் எல்லை உண்டு. அவை எந்த நாளிலும் யாரும் கொடுத்து வாங்கிய விலைகள் அல்ல. அடுத்த டிவிடெண்ட் வந்தால் பழைய எண்கள் எல்லாம் மறுபடி மாறும். எனவே போன மாதம் சேமித்த கோப்போடு இன்று இறக்கிய தரவை ஒட்டக்கூடாது, முழுவதையும் புதிதாக இறக்க வேண்டும். மொத்த லாபத்தையும் வர்த்தக விதிகளையும் சோதிக்க இரண்டும் சரிசெய்த தரவு வேண்டும். ‘100 ரூபாய்க்குக் கீழே உள்ள பங்கு’ போன்ற விதிக்கு அன்று உண்மையில் நடந்த விலையே வேண்டும். ஆகவே சரிசெய்யாத விலையையும் காரணிகளையும் தனித்தனிப் பத்திகளில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது பெருக்கிக்கொள்வதே பாதுகாப்பான வழி.