பிடித்த பணம் சேர்ந்த நாள்: சம்பளப் பிடித்தங்களைச் சரிபார்க்கும் முறை

தொழிற்கடன் கேட்டு வரும் நிறுவனங்களிடம் நிதிநிலை அறிக்கைகளுடன் வருங்கால வைப்பு நிதிச் செலான்களையும் வங்கி கேட்பதுண்டு. கடனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாடிக்கையாளர்கள் சிலர் வினவுவர். 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டம், 11ஆம் பிரிவில், செலுத்தப்படாத வைப்பு நிதித் தொகைக்கு ஏனைய கடன்களை முந்திய உரிமையை வழங்கியது. அடமானம் பெற்ற வங்கியின் உரிமையும் இதற்குப் பின்னரே என்பதை உச்ச நீதிமன்றம் 2009இல் உறுதி செய்தது. எனவே செலான் இருக்கிறதா என்பதோடு எங்கள் வேலை முடிவதில்லை. கணக்கிட்ட தொகை சரியா, உரிய நாளில் போய்ச் சேர்ந்ததா என்னும் இரு கேள்விகளுக்கும் விடை காண வேண்டும். இதே சோதனையை நிறுவன உரிமையாளர்கள் தாமே செய்துகொள்ளலாம். ஊழியர்களும் தம் அளவில் செய்யலாம்.

விளக்கத்திற்காக, 24 தொழிலாளர்கள் பணிபுரியும் ஒரு கூட்டாண்மை நிறுவனத்தின் 2023-24 கணக்கைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் மாதச் சம்பளம் ரூ.18,000. இதில் அடிப்படைச் சம்பளம் ரூ.9,000, சிறப்புப் படி ரூ.6,000, வீட்டு வாடகைப் படி ரூ.3,000.

எந்தத் தொகையின் மீது 12 சதவீதம்?

நிறுவனம் அடிப்படைச் சம்பளமான ரூ.9,000 மீது மட்டும் 12 சதவீதம் கணக்கிட்டு, ஒவ்வொருவரிடமும் ரூ.1,080 பிடித்தம் செய்கிறது. தன் பங்காகவும் அதே தொகையைச் செலுத்துகிறது. பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் பெருக்குவதற்கு எடுத்துக்கொண்ட சம்பளமே தவறானது.

வீட்டு வாடகைப் படியைச் சட்டமே விலக்கியுள்ளது. சிறப்புப் படியின் நிலை வேறு. கூடுதல் உழைப்போடு தொடர்பின்றி, ஊழியர் அனைவருக்கும் பொதுவாக வழங்கப்படும் படி அடிப்படைச் சம்பளத்தின் ஒரு பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆகவே இங்கு கணக்கில் கொள்ள வேண்டிய சம்பளம் ரூ.15,000. கட்டாயப் பங்களிப்புக்கு 2014 செப்டம்பர் முதல் இருந்துவந்த உச்சவரம்பும் இதுவே. பிடித்தம் செய்திருக்க வேண்டிய தொகை ரூ.1,800. குறைவு, ஊழியர் பங்கில் ரூ.720, நிறுவனப் பங்கில் ரூ.720.

24 பேருக்கும் சேர்த்து மாதம் ரூ.34,560, ஓராண்டில் ரூ.4,14,720. இதன் பாரம் யார் மீது விழும் என்பதை உரிமையாளர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். ஒரு மாதச் சம்பளத்தில் பிடிக்கத் தவறிய ஊழியர் பங்கைப் பின்னொரு மாதச் சம்பளத்தில் பிடிக்க வைப்பு நிதித் திட்டம் பொதுவாக இடமளிப்பதில்லை. எழுத்தர் பிழை போன்ற சில நேர்வுகளில், ஆய்வாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலுடன் மட்டுமே அது இயலும். ஆகவே இரு பங்குகளையும் நிறுவனமே ஏற்க நேரிடும்.

தொழிலாளிக்கு நேரும் இழப்பு ஓய்வூதியத்திலும் தெரியும். நிறுவனப் பங்கில், சம்பளத்தின் 8.33 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குச் செல்கிறது; மீதி வைப்பு நிதியில் சேர்கிறது. மாத ஓய்வூதியம் காண, ஓய்வூதியத்திற்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பர். 14 ஆண்டுகள் பணியாற்றியவருக்கு ரூ.9,000 சம்பளத்தின்படி மாதம் ரூ.1,800 கிடைக்கும், ரூ.15,000 சம்பளத்தின்படி ரூ.3,000 கிடைக்கும். இந்த வேறுபாடு அவர் வாழ்நாள் முழுவதும் தொடரும்.

இரண்டு நாள் தாமதத்தின் விலை

ஒரு மாதச் சம்பளத்திற்கான வைப்பு நிதித் தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். முன்பு வழங்கப்பட்ட ஐந்து நாள் சலுகை 2016இல் நீக்கப்பட்டுவிட்டது. நமது நிறுவனம் 2023 அக்டோபர் மாதத்திற்கான செலானை நவம்பர் 15 அன்று இணையத்தில் உருவாக்கியது. பணத்தையோ 17ஆம் தேதி செலுத்தியது. கோப்பில் உள்ள செலானில் 15 என்னும் தேதியைக் கண்டு எழுத்தர் நிம்மதியடைவார். செலான் உருவான நாள் கணக்கில்லை. பணம் செலுத்தப்பட்ட நாளே கணக்கு. அதை வங்கிக் கணக்கு அறிக்கையே காட்டும்.

அம்மாதம் நிறுவனம் செலுத்தியது ரூ.54,000. ஊழியர் பங்கு ரூ.25,920, நிறுவனப் பங்கு ரூ.25,920, காப்பீட்டுக்கும் நிர்வாகத்திற்குமாக ரூ.2,160. இரண்டு நாளுக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி ஏறத்தாழ ரூ.36. அப்போதைய விகிதமான ஆண்டுக்கு 5 சதவீதப்படி அபராத ஈட்டுத்தொகை ஏறத்தாழ ரூ.15. ஆக மொத்தம் ரூ.51. இதற்கா இவ்வளவு கவலை என்று தோன்றலாம்.

உண்மையான இழப்பு வருமான வரியில் உள்ளது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டப்படி, ஊழியரிடம் பிடித்த தொகை முதலில் நிறுவனத்தின் வருமானமாகவே கருதப்பட்டது. வைப்பு நிதிச் சட்டம் குறித்த நாளுக்குள் செலுத்தினால் மட்டுமே அது செலவாகக் கழிக்கப்பட்டது. தாமதமாகச் செலுத்திய தொகைக்கு அந்த ஆண்டிலும் கழிவு இருக்கவில்லை, பின்னர் எந்த ஆண்டிலும் கழிவு இருக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் இந்நிலையை உறுதிப்படுத்தியது. நிறுவனத்தின் சொந்தப் பங்குக்கு இக்கடுமை இருக்கவில்லை. வருமான வரிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டிய நாளுக்குள் செலுத்தினால் போதுமானது.

ஆக, ரூ.25,920 வரிக்குரிய வருமானமாகிறது. கூட்டாண்மை நிறுவனத்திற்கு 30 சதவீத வரியும் அதன் மீது 4 சதவீத மேல்வரியும் சேர்ந்தால் ரூ.8,087. ரூ.51 என்று தோன்றிய தாமதத்தின் விலை இதுவே.

சோதிக்கும் முறை

மூன்று தாள்களை அருகருகே வைக்க வேண்டும்: சம்பளப் பதிவேடு, வைப்பு நிதி அலுவலகத்திற்கு அனுப்பிய மாதாந்திர மின்னணு அறிக்கை, வங்கிக் கணக்கு அறிக்கை. முதல் இரண்டிலும் ஆள் எண்ணிக்கை ஒத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையெனில் விடுபட்ட ஒவ்வொருவருக்கும் காரணம் காண வேண்டும். அடுத்து, பதிவேட்டின் மொத்தச் சம்பளத்தையும் மின்னணு அறிக்கையில் காட்டிய வைப்பு நிதிச் சம்பளத்தையும் ஒப்பிட்டு, விலக்கப்பட்ட ஒவ்வொரு படியும் ஏன் விலக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். இறுதியாக, வங்கி அறிக்கையில் பணம் சென்ற தேதியைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதே தாள்களைக் கொண்டு பிற பிடித்தங்களையும் சோதிக்கலாம். ஊழியர் அரசுக் காப்பீட்டுக்கும் கெடு 15ஆம் தேதியே. அதில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. சம்பளம் உயர்ந்து ரூ.21,000 வரம்பைத் தாண்டிய மாதத்திலேயே பிடித்தத்தை நிறுத்திவிடுவர். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்னும் பங்களிப்புக் காலம் முடியும் வரை பிடித்தம் தொடர வேண்டும். சம்பளத்தில் பிடித்த வருமான வரிக்குக் கெடு அடுத்த மாதம் 7ஆம் தேதி. மார்ச் மாதத்திற்கு மட்டும் ஏப்ரல் 30.

ஊழியர்களாகிய வாசகர்கள் சம்பளச் சீட்டையும் வைப்பு நிதி உறுப்பினர் பாஸ்புக்கையும் மாதவாரியாக ஒப்பிடலாம். சீட்டில் பிடித்தம் இருந்து, பாஸ்புக்கில் அம்மாதத்திற்குரிய வரவு இல்லையெனில், நிறுவனத்திடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்கலாம். பிடித்த பணத்தைச் செலுத்தாமல் வைத்துக்கொள்வதைக் குற்றவியல் சட்டம் நம்பிக்கை மோசடியாகக் கருதுகிறது. தீர்வு கிடைக்காவிடில் வைப்பு நிதி அலுவலகத்தின் குறைதீர் இணையதளத்தில் முறையிடலாம்; சம்பளச் சீட்டே அதற்குரிய சான்று.

விகிதங்கள் மாறக்கூடியவை. மேலே கூறிய அபராத ஈட்டுத்தொகையே 2024 ஜூன் முதல் மாதத்திற்கு ஒரு சதவீதமாக மாற்றப்பட்டது. எனவே எந்த மாதக் கணக்கைச் சோதிக்கிறோமோ, அந்த மாதத்தில் நடப்பிலிருந்த விதியைக் கொண்டே சோதித்தல் வேண்டும்.