நிலுவையில் உள்ள முடிவைக் கேட்டுப் பெறுதல்

ஒரு திட்டத்தில் குழுவின் வேலை அடுத்த கட்டத்துக்குச் செல்ல, குழுவுக்கு வெளியே உள்ள ஒருவர் (வாடிக்கையாளர், மேலதிகாரி, வேறு துறையின் தலைவர்) முடிவு சொல்ல வேண்டிய நிலை அடிக்கடி ஏற்படும். அந்த முடிவு வராதபோது, அவரை நெருக்குவதுபோல் தோன்றாமல் நினைவூட்டிப் பதில் பெறுவது திட்ட மேலாண்மையின் அன்றாட வேலைகளுள் ஒன்றாகும்.

நினைவூட்டல் நச்சரிப்பாகத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் அதன் தொனி காரணமல்ல. "அது என்ன ஆயிற்று சார்?" என்ற கேள்வி எவ்வளவு பணிவாக இருந்தாலும், பழைய மின்னஞ்சலைத் தேடி எடுத்து, விவரங்களை நினைவுபடுத்தி, யோசிக்கும் வேலை முழுவதையும் கேட்கப்பட்டவர் தலையிலேயே வைத்துவிடுகிறது. இரண்டு முறை அப்படிக் கேட்டால் எரிச்சல் வருவது இயல்பு. அந்த வேலையைக் கேட்பவரே செய்து கொடுத்தால் தொனியைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை.

ஒரு துணிக்கடைக்காகக் கைப்பேசிச் செயலி உருவாக்கும் குழுவை எடுத்துக்கொள்ளலாம். செயலியில் நுழைய ஓடிபி குறுஞ்செய்தி வேண்டும். இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, வணிக நிறுவனம் இத்தகைய குறுஞ்செய்தி அனுப்புவதற்கு முன் தன்னையும், அனுப்புநர் பெயரையும், செய்தியின் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் பதிவு செய்ய வேண்டும். இந்தப் பதிவைக் கடையின் பெயரில் செய்வதா, அதன் தாய் நிறுவனத்தின் பெயரில் செய்வதா என்பதை உரிமையாளர் இன்னும் சொல்லவில்லை.

கேட்பதற்கு முன், கடைசி நாளைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். வெளியீடு 30ஆம் தேதி, திங்கட்கிழமை. அதற்கு முன் சோதனைக்கு 3 வேலைநாள், பதிவுக்கும் ஒப்புதலுக்கும் 8 வேலைநாள் என்று குழு ஒதுக்கியுள்ளது. சனி, ஞாயிறு நீக்கிப் பார்த்தால் 12ஆம் தேதி வியாழன் மாலைக்குள் முடிவு தெரிய வேண்டும். 5ஆம் தேதி குழு இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். ஓடிபி பதிவு யார் பெயரில் என்ற ஒரு முடிவு மட்டும் உங்களிடமிருந்து வேண்டும். கடையின் பெயரில் செய்தால் வாடிக்கையாளர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். ஆனால் புதிதாகப் பதிய வேண்டும். தாய் நிறுவனத்துக்கு ஏற்கெனவே பதிவு இருப்பதால் அது சீக்கிரம் முடியும். கடையின் பெயரையே பரிந்துரைக்கிறோம். 12ஆம் தேதி மாலைக்குள் சொன்னால் 30ஆம் தேதி வெளியீடு மாறாது. அதன் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு வேலைநாளுக்கும் வெளியீடும் ஒரு நாள் தள்ளும். 'கடை' அல்லது 'நிறுவனம்' என்று ஒரு சொல் பதில் போதும். அதுவரை மற்றத் திரைகளின் வேலை நடக்கும்."

இதில் "அவசரம்" என்ற சொல்லே இல்லை. தேதிக்கான காரணம் தெரிவதால் கெடு குழுவின் விருப்பமாக அல்லாமல், வேலையின் தேவையாகத் தெரிகிறது. 10ஆம் தேதி நினைவூட்டும்போது இதே மடலுக்குக் கீழேயே இரண்டு வரி எழுதினால் போதும்.

சில குழுக்கள் "பதில் வராவிட்டால் பரிந்துரைத்தபடியே செய்கிறோம்" என்று சேர்ப்பதுண்டு. பொத்தானின் நிறம் போன்ற, பின்னால் எளிதாக மாற்றக்கூடிய விஷயங்களில் இது நன்றாகவே பயன்படும். அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2015ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில், திரும்பி வரக்கூடிய முடிவுகளையும் திரும்ப முடியாத முடிவுகளையும் வேறுபடுத்தியது இங்கு பொருந்தும். ஆனால் மேற்கண்ட பதிவுக்கு நிறுவனத்தின் ஆவணங்களும் ஒப்புதலும் வேண்டும். மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டு குழு அதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

பதில் வராததற்கான காரணம் பல நேரம் வேறாக இருக்கும். "பார்க்கிறேன்" என்பதே மீண்டும் மீண்டும் வந்தால் கேள்வி அவருக்குத் தெளிவாகவில்லை என்று கொள்ளலாம். பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு இன்னொரு மின்னஞ்சலைவிட மேல். "கணக்கரிடம் கேட்க வேண்டும்" என்றால் உண்மையில் முடிவெடுப்பவர் வேறொருவர். அப்போது, "கணக்கருக்கு நாங்களே விவரம் அனுப்பட்டுமா சார்?" என்று கேட்டால் அவர் சுமை குறையும்.

கெடு கடந்தும் பதில் இல்லையென்றால் வெளியீடு எந்தத் தேதிக்கு மாறியுள்ளது என்பதைக் குறை சொல்லாமல் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மேலிடத்துக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால் அதை முதலில் அவரிடமே சொல்வது முறை. அவருக்குத் தெரியாமல் மேலதிகாரியின் முகவரியை நகலில் சேர்ப்பது, அதுவரை காத்த பணிவு முழுவதையும் ஒரே மடலில் கெடுத்துவிடும்.