சலான் ஃபைலைத் திறந்துவிட்டீர்களா? முதல் ஃபோன் 1930-க்கு

ராத்திரி ஒன்பது மணிக்கு உறவினர் ஒருவரின் வாட்ஸ்அப்பிலிருந்து செய்தி வருகிறது: உங்கள் வண்டி போக்குவரத்து விதியை மீறியது, அபராதம் கட்டவும், விவரம் இணைப்பில். அந்த இணைப்பு படமோ பி.டி.எஃப்.ஃபோ அல்ல, பெயரின் கடைசியில் `.apk` என்று இருக்கும். அதாவது அது ரசீது இல்லை, உங்கள் செல்லுக்குள் குடியேற வந்த ஆப்.

சரக்கு ஆட்டோ ஓட்டும் ஒருவர் அதைத் தொட்டார். 'தெரியாத இடத்திலிருந்து நிறுவலாமா' என்று செல் கேட்டதற்கு அனுமதித்தார். எஸ்.எம்.எஸ். படிக்கலாமா என்று ஆப் கேட்டபோதும் சரி என்றார். திரையில் ஒன்றும் வரவில்லை, ஆப்பின் படமும் காணாமல் போனது. 'ஏதோ கோளாறு' என்று தூங்கிவிட்டார். விடியற்காலையில் கணக்கிலிருந்து மூன்று முறை பணம் போயிருந்தது. ஓ.டி.பி.யை அவர் யாருக்கும் சொல்லவில்லை, வந்த ஓ.டி.பி.யை அந்த ஆப்பே படித்து வெளியே அனுப்பிவிட்டது. அவர் எண்ணிலிருந்து அதே சலான் அவருடைய குழுக்கள் எல்லாவற்றுக்கும் போயிருந்தது. அவருக்கு அனுப்பிய உறவினரும் இப்படி மாட்டியவர்தான்.

பிறகு நடந்ததுதான் எனக்கு எரிச்சல். வங்கி திறக்கும்வரை காத்திருந்து கிளைக்குப் போனார். 'போலீஸில் புகார் கொடுத்துவிட்டு வாங்க' என்றார்கள். ஸ்டேஷனில் 'இது சைபர் கேஸ், மாவட்டத் தலைநகருக்குப் போங்க' என்றார்கள். மாலையில்தான் யாரோ 1930 என்ற எண்ணைச் சொன்னார்கள். அதற்குள் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவி, ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்டுவிட்டது. இந்த அலைக்கழிப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பாதிக்கப்பட்டவரை நேரில் அலையவிடும் ஒவ்வொரு மேஜையும் திருடனுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கிறது.

முதலில் அடையாளம். அரசு எந்தச் சலானையும் ஆப் ஃபைலாக அனுப்பாது. எஸ்.எம்.எஸ்.ஸில் லிங்க் வந்தாலும் அதைத் தொட வேண்டாம். பிரவுசரில் `echallan.parivahan.gov.in` என்று நீங்களே அடித்து, வண்டி எண்ணையோ சலான் எண்ணையோ போட்டுப் பாருங்கள். உண்மையில் அபராதம் இருந்தால் அங்கே தெரியும். லிங்க்கைப் படித்தே ஆக வேண்டுமென்றால், முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியின் கடைசியைப் பாருங்கள். அது `.gov.in` என்று முடிய வேண்டும். நடுவில் எங்கோ 'gov' இருப்பதும், புள்ளிக்குப் பதில் சிறுகோடு இருப்பதும் ஏமாற்று. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தது என்பது எந்த உத்தரவாதமும் அல்ல.

தொட்டாயிற்று என்றால், அடுத்துச் செய்ய வேண்டியது எதுவரை போனீர்கள் என்பதைப் பொறுத்தது. லிங்க் மட்டும் திறந்து எதையும் அடிக்கவில்லை என்றால் பக்கத்தை மூடி, டவுன்லோடு ஆன ஃபைலைத் திறக்காமல் அழித்துவிடுங்கள். பாஸ்வேர்டோ கார்டு எண்ணோ அடித்திருந்தால் வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, கார்டை முடக்குங்கள். ஆப்பை நிறுவியிருந்தால், பணம் போகவில்லை என்றாலும், அந்தச் செல் இனி உங்களுடையது அல்ல என்று நினைத்துச் செயல்படுங்கள்.

முதலில் மொபைல் டேட்டா, வைஃபை இரண்டையும் அணையுங்கள். சிம்மைக் கழற்றி வேறொரு செல்லில் போடுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. ஆனால் இனி வரும் ஓ.டி.பி. திருட்டு ஆப்பின் கண்ணில் படாமலிருக்க இதுதான் எளிய வழி. சிம்மை மாற்றிப் போட்ட செல்லில் `##002#` டயல் செய்தால், உங்கள் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிட்டிருந்தால் அது ரத்தாகும்.

பணம் போயிருந்தால் அடுத்த அழைப்பு 1930. வங்கிக் கிளைக்கு அல்ல, ஸ்டேஷனுக்கு அல்ல, 1930-க்கு. எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு, எத்தனை மணிக்குப் போனது, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள், வங்கியின் எஸ்.எம்.எஸ்.ஸையோ ஸ்டேட்மென்ட்டையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகவல் வங்கிகளுக்குப் போய், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே பிடித்துவைக்கப்படும். நிற்கிற பணத்தைத்தான் பிடிக்க முடியும். அதனால்தான் நேரத்தைப் பற்றி இவ்வளவு கத்துகிறேன். ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கே `cybercrime.gov.in` தளத்தில் புகாரை முழுமையாக்குங்கள்.

அதோடு வங்கிக்கு ஃபோன். எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். அங்கே போலி எண்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஏ.டி.எம். கார்டின் பின்புறத்தில் இருக்கும் எண்தான் சரி. கார்டு, யு.பி.ஐ., நெட் பேங்கிங் மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். புகார் எண் வாங்குங்கள். அதே விவரத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், நேரம் பதிவாகட்டும்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், ரிசர்வ் வங்கி 2017-இல் விட்ட சுற்றறிக்கை அதைச் சார்ந்துதான் பொறுப்பைப் பிரிக்கிறது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணத்துக்கும், அவர் வங்கிக்குச் சொல்லும்வரைதான் அவர் பொறுப்பு. சொன்ன பிறகு போனால் வங்கி ஏற்க வேண்டும். வாடிக்கையாளர் மேல்தான் தவறு என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியுடையது. 'ஓ.டி.பி. கொடுத்தீங்க, ஒண்ணும் செய்ய முடியாது' என்று கவுண்டரில் சொல்வார்கள். நீங்கள் கொடுக்காதபோது கொடுத்ததாக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஆப் நிறுவப்பட்டது, ஓ.டி.பி.யை நான் யாருக்கும் தெரிவிக்கவில்லை என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம்.

செல்லை அவசரப்பட்டு ரீசெட் செய்யாதீர்கள். வந்த செய்தி, அனுப்பிய எண், ஆப்பின் பெயர் எல்லாவற்றையும் வேறொரு செல்லால் படமெடுத்துக்கொண்ட பிறகே ஃபேக்டரி ரீசெட். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட கருவிகளை வெளியேற்றி, உங்கள் பெயரில் செய்தி போன குழுக்களுக்கு 'திறக்காதீர்கள்' என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டுப் பேசாமலிருப்பவரால்தான் அடுத்த பத்து வீட்டுக்கு இது போகிறது.

ஸ்டேஷனுக்கும் போக வேண்டும், ஆனால் 1930-க்குப் பிறகு. ஒப்புகை எண்ணோடு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். 'எங்கள் எல்லை இல்லை' என்பது காரணமாகாது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தத் தாள்கள் பிறகு உதவும்: பிடித்துவைத்த பணத்தைத் திரும்பப் பெற நீதித்துறை நடுவர் முன் மனு போட நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது இவைதான்.

பணம் போகவில்லை, செய்தி மட்டும் வந்தது என்றாலும் அழித்துவிட்டு நகராதீர்கள். `sancharsaathi.gov.in` தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில், செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பிய எண்ணைப் புகார் செய்யலாம். அது பணம் இழந்தவர்களுக்கான இடம் அல்ல. இழந்தவர்களுக்கு, இன்னொரு முறை சொல்கிறேன், 1930.

சில நாள் கழித்து இன்னொரு அழைப்பும் வரலாம்: 'உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், முதலில் பிராசஸிங் கட்டணம் கட்டுங்க.' சைபர் போலீஸ் என்றும் சொல்லிக்கொள்வார்கள். பிடித்துவைத்த பணத்தை விடுவிக்க எந்த அதிகாரியும் ஜி-பேயில் கட்டணம் கேட்பதில்லை. அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.