எட்டு விருந்தினர், ஐந்து நிமிடம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜப்பானிய நிறுவனங்கள் பெருகிய பிறகு, அங்கிருந்து வருகிற குழுக்களை வரவேற்கும் வேலை நம் கல்லூரி முதல்வர்களுக்கும் தொழிற்சாலை மேலாளர்களுக்கும் வந்து சேர்கிறது. வரவேற்புரை எழுத உட்கார்ந்ததும் கை தானாக எழுதுவது மேடை விளி. தாளாளர் அவர்களே, செயலாளர் அவர்களே என்று பத்துப் பேரைப் பட்டம் பதவியோடு அழைத்து முடிக்க ஒரு நிமிடம் போய்விடும். மொழிபெயர்ப்பாளர் அதையே திரும்பச் சொல்ல இன்னொரு நிமிடம். வந்தவர்கள் மனதில் அதில் ஒரு பெயர்கூடத் தங்காது.

ஒரு பாலிடெக்னிக்குக்கு எட்டுப் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி முடித்த மாணவர்களை வேலைக்கு எடுக்கலாமா என்று பார்க்க வருகிறார்கள். வரவேற்புக்கு நிகழ்ச்சி நிரலில் ஐந்து நிமிடம். நீங்கள் இரண்டு வாக்கியம் சொல்லி நிறுத்த, அவர் அதை ஜப்பானியத்தில் சொல்ல, இப்படியே போகும். ஆகவே உங்கள் பங்கு இரண்டரை நிமிடம்தான். நிதானமாகப் பேசினால் ஏறக்குறைய ஒரு தாள்.

அந்தத் தாளை முந்தின நாளே மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுத்துவிட வேண்டும். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் போன்ற இடங்களில் ஜப்பானியம் படித்தவர்கள் இருக்கிறார்கள். தேடினால் தமிழிலிருந்தே நேராக மொழிபெயர்க்கும் ஆள் கிடைக்கலாம். தமிழைப் போலவே அந்த மொழியிலும் வினை கடைசியில்தான் வரும் என்பது அவருக்கு ஒரு வசதி. ஆனாலும் வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகும் நம் மேடை வாக்கியத்தை யாராலும் நினைவில் தாங்க முடியாது. நீங்கள் அரை நிமிடம் பேசியதை அவர் பத்து நொடியில் முடித்தால், பாதியை விட்டுவிட்டார் என்று பொருள்.

பெயர்களில்தான் சிக்கல் அதிகம். ஜப்பானியர் குடும்பப் பெயரை முதலில் சொல்வார்கள். ஆனால் நெடுங்காலமாக ரோமன் எழுத்தில் எழுதும்போது மேற்கத்திய முறைப்படி மாற்றிப் போட்டுவந்தார்கள். 2020 ஜனவரியிலிருந்து ஜப்பான் அரசின் ஆவணங்களில் குடும்பப் பெயரே முதலில் வருகிறது. நிறுவனங்களில் பழைய வழக்கமும் தொடர்கிறது. ஆகவே கையில் இருக்கும் பட்டியலில் எது குடும்பப் பெயர் என்பதை முன்கூட்டிக் கேட்டுக்கொள்வதுதான் ஒரே வழி. அந்தப் பெயரோடுதான் ‘சான்’ சேர்க்க வேண்டும். தாளில் தமிழில் எழுதும்போது ‘தனாகா’ என்று எழுதினால் ‘தனாஹா’ என்றே வாயில் வரும். ‘தனாக்கா’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

உட்காருவதற்கு முன்பே முகவரி அட்டைகள் கைமாறிவிடும். இரு கைகளாலும் வாங்கி, ஒரு கணம் படித்துவிட்டு, எதிரே அவர்கள் அமர்ந்திருக்கும் வரிசையிலேயே மேசை மேல் வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். வாங்கிய வேகத்தில் சட்டைப்பைக்குள் போடாமல் நாமும் அப்படி வைத்துக்கொண்டால், எழுந்து பேசும்போது யார் யார் என்பது கண்ணெதிரே இருக்கும்.

இனி உரை. பெயர்கள் எடுத்துக்காட்டுக்காக.

“தனாக்கா-சான், குழுவில் வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம். நீண்ட பயணம் செய்து, காலை ஒன்பதரைக்கே வந்துவிட்டீர்கள். எங்கள் கல்லூரியின் சார்பில் உங்களை வரவேற்கிறேன்.

இன்று உங்களோடு இருக்கப்போகிறவர்கள் நான்கு பேர். நான் முதல்வர், மாலைக் கலந்துரையாடலில் இருப்பேன். என் வலப்பக்கம் இயந்திரவியல் துறைத் தலைவர் மீனா அவர்கள். பட்டறையை அவர் காட்டுவார். அடுத்து வேலைவாய்ப்பு அலுவலர் ரஹீம் அவர்கள். மாணவர்களைப் பற்றி எது கேட்பதானாலும் அவரைக் கேளுங்கள். கதவருகே நிற்பவர் முருகன். நாள் முழுவதும் உங்களுடனேயே இருப்பார். கழிப்பறையிலிருந்து கார் வரை எது வேண்டுமென்றாலும் அவரிடம் சொல்லலாம்.

பத்து மணிக்குக் கல்லூரியைப் பற்றி ஒரு சிறு படம். பிறகு பட்டறை. பாதுகாப்புக் காலணிகள் வாசலிலேயே இருக்கின்றன. படம் எடுக்கத் தடையில்லை. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, சைவம், கரண்டியும் உண்டு. ஒன்றரைக்கு மாணவர்களைச் சந்திக்கிறீர்கள், மூன்று மணிக்குக் கலந்துரையாடல். நான்கு மணிக்கு உங்கள் வண்டி வாசலில் இருக்கும்.

தனாக்கா-சான், உங்கள் குழுவினரை எங்களுக்கு அறிமுகம் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

அவ்வளவுதான். விருந்தினரை நாமே ஒவ்வொருவராக அறிமுகம் செய்யாததைக் கவனியுங்கள். எட்டுப் பெயரில் இரண்டையாவது தவறாக உச்சரிப்போம். பதவி வரிசை மாறினால் இன்னும் சங்கடம். தலைவர் பெயரை மட்டும் சரியாகச் சொல்லிவிட்டு, மற்றதை அவரிடமே விடுவது பாதுகாப்பு. நம் பக்கத்திலும், அன்று அவர்களோடு பேசப்போகிறவர்கள் மட்டும் போதும். மேடையில் பெயர் வராத துணைமுதல்வர் முகம் சுளிக்கலாம். அதை முந்தின நாளே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை.

இன்னொன்று. ஜப்பானியத்தில் தன் நிறுவனத்தாரை வெளியாரிடம் சொல்லும்போது ‘சான்’ சேர்க்க மாட்டார்கள். தலைவரானாலும் வெறும் பெயர்தான். நாம் ‘மீனா அவர்கள்’ என்று சொன்னதை மொழிபெயர்ப்பாளர் மரியாதைச் சொல் இல்லாமல் சொன்னால் அது அவமதிப்பு அல்ல. நம்மவர்களிடம் இதை முன்பே சொல்லி வைப்பது நல்லது.

உரையில் மாணவர் எண்ணிக்கையோ கட்டடச் செலவோ இல்லை. அவையெல்லாம் பத்து மணிப் படத்தில் வரட்டும். ஜப்பானியர் பெரிய தொகையைப் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுகிறவர்கள். அந்த அலகுக்கு ‘மான்’ என்று பெயர். நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து மான், ஒரு கோடி ஆயிரம் மான். ‘இரண்டு கோடியில் கட்டினோம்’ என்று போகிற போக்கில் சொன்னால், நின்றுகொண்டே மனக்கணக்குப் போடும் மொழிபெயர்ப்பாளர் ஒரு பூஜ்யத்தை விட்டுவிடலாம். சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் திரையில் எண்ணாகக் காட்டுங்கள். அதிலும் நம் முறைப்படி 2,00,00,000 என்று காற்புள்ளி வைக்காமல் 20,000,000 என்று எழுதுங்கள்.

விழாவாகத் தொடங்குவதானால் தமிழ்த்தாய் வாழ்த்து முதலில் வரும். 55 நொடிப் பாடல். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது, பாடும்போது எழுந்து நிற்க வேண்டும். விருந்தினருக்கு இது தெரியாது. நாம் எழுந்ததைப் பார்த்துத் திகைத்து, ஒருவர் பின் ஒருவராக அவர்கள் எழுவது பார்க்க நன்றாக இராது. மொழிபெயர்ப்பாளர் முன்பே ஒரு வாக்கியம் சொன்னால் எல்லோரும் சேர்ந்து நிற்பார்கள். பொன்னாடைக்கும் அப்படியே: தோளில் போர்த்துவது மரியாதை என்று சொல்லிவிட்டு, தலைவருக்கு முதலில் போர்த்த வேண்டும். எட்டுப் பேருக்கும் போர்த்திப் படம் எடுத்தால் பத்து நிமிடம் ஓடிவிடும். தலைவருக்குப் பொன்னாடை, மற்றவர்களுக்குக் கையில் ஒரு பூங்கொத்து என்பது என் கட்சி.

நேரம் பிந்துவதுதான் மிச்சமிருக்கும் தொல்லை. பூந்தமல்லி நெரிசலில் மாட்டிக்கொண்டு குழு பத்தேகாலுக்கு வருகிறது என்று வையுங்கள். உரையைச் சுருக்கினால் மிச்சமாவது ஒன்றிரண்டு நிமிடம். படத்தை முழுதாக விட்டுவிட்டால்தான் முக்கால் மணி நேரம் ஈடாகும். அட்டவணையைப் பழையபடி வாசித்துவிட்டு வேறு விதமாக நடத்தக் கூடாது. அச்சிட்ட நிரல் அவர்கள் கையில் இருக்கிறது. பேச்சும் தாளும் முரண்பட்டால் எட்டுத் தலையும் குனிந்து பக்கம் புரட்டத் தொடங்கிவிடும். ‘படம் இல்லை, நேராகப் பட்டறைக்குப் போகிறோம், சாப்பாடும் புறப்பாடும் அதே நேரம்’ என்று மாறியதை மட்டும் சொல்லிவிட்டு, முருகனைக் கதவைத் திறக்கச் சொல்லலாம்.