வெளிநாட்டு நடுவர் தீர்ப்பை இந்தியாவில் நிறைவேற்றும் மனு

சிங்கப்பூரிலோ லண்டனிலோ அமர்ந்த நடுவர் ஒருவர் தீர்ப்பு வழங்கிவிட்டார் என்பதற்காகத் தோற்றவரின் சென்னை வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாக வந்துவிடாது. அந்தத் தீர்ப்பை இந்திய நீதிமன்றம் ஏற்று, தன் சொந்தத் தீர்ப்பாணையைப் போல நிறைவேற்ற வேண்டும். அதற்கான வழி 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின் இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. 1958இல் உருவான நியூயார்க் உடன்படிக்கையை இந்தியா 1960இல் ஏற்றுக்கொண்டது. அதன் விதிகளே இந்தப் பாகத்தில் 44 முதல் 52 வரையிலான பிரிவுகளாக அமைந்துள்ளன.

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று சென்னை நிறுவனத்துக்கு நிலக்கரி விற்றது. விலையில் ஒரு பகுதி வரவில்லை. ஒப்பந்தப்படி தகராறு சிங்கப்பூரில் நடுவரிடம் போனது. 2024 மார்ச்சில் அவர் விற்றவருக்கு 5 லட்சம் அமெரிக்க டாலர் தரச் சொல்லித் தீர்ப்பளித்தார். சென்னை நிறுவனம் பணம் கட்டவில்லை. அதன் அலுவலகக் கட்டடமும் வங்கிக் கணக்கும் சென்னையில் இருக்கின்றன.

முதல் கேள்வி, எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இத்தகைய மனுவை உயர் நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கும். மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய முடியாது. பணம் தரச் சொல்லும் தீர்ப்பு என்றால், தோற்றவரின் சொத்து எங்கே இருக்கிறதோ அந்தப் பகுதிக்குரிய உயர் நீதிமன்றத்தை அணுகலாம். எனவே இந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் வணிகப் பிரிவுக்கு வரும்.

கால வரம்பு மூன்று ஆண்டுகள். வேதாந்தா நிறுவனத்துக்கும் இந்திய அரசுக்கும் இடையிலான வழக்கில், வரம்புச் சட்டத்தின் 137ஆவது உறுப்பே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கவும் நீதிமன்றத்துக்கு இடம் உண்டு.

மனுவோடு தர வேண்டிய ஆவணங்களை 47ஆவது பிரிவு சொல்கிறது. ஒவ்வோர் ஆவணமும் நீதிபதியின் மனத்தில் எழும் ஒரு கேள்விக்கு விடை. முதலாவது, தீர்ப்பின் மூலப் பிரதி, அல்லது தீர்ப்பு பிறந்த நாட்டின் சட்டம் கேட்கும் முறையில் உறுதிப்படுத்தப்பட்ட நகல். இது உண்மையான தீர்ப்புதானா என்ற கேள்விக்கு இது விடை தருகிறது. சிங்கப்பூர்த் தீர்ப்பு என்றால் சிங்கப்பூர்ச் சட்டம் சொல்லும் அதிகாரியின் கையொப்பம் வேண்டும். அங்குள்ள பன்னாட்டு நடுவர் மையத்தின் பதிவாளர் அந்த அதிகாரம் பெற்றவர். சென்னையில் நோட்டரி ஒருவர் முத்திரை குத்திக் கொடுக்கும் ஒளிநகல் இதற்கு ஈடாகாது. மனுக்கள் இடறும் இடங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாவது, தகராறை நடுவரிடம் விடுவதாக இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தின் மூலப் பிரதி, அல்லது முறையாகச் சான்றளிக்கப்பட்ட நகல். நடுவருக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதை இது காட்டுகிறது. இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒற்றைத் தாளாகத்தான் அது இருக்க வேண்டும் என்பதில்லை. கடிதப் பரிமாற்றத்திலிருந்தும் ஒப்பந்தம் இருப்பதை நிறுவலாம். அப்படிப்பட்ட நிலையில் அந்தக் கடிதங்களையும் மின்னஞ்சல்களையும் வரிசைப்படுத்திக் கொடுப்பது மனுதாரரின் பொறுப்பு.

மூன்றாவது, இது சட்டம் சொல்லும் ‘வெளிநாட்டுத் தீர்ப்பு’ என்பதற்கான சான்று. தகராறு வணிக உறவிலிருந்து எழுந்ததாக இருக்க வேண்டும். நிலக்கரி விற்பனை ஒப்பந்தமே அதைக் காட்டிவிடும். தீர்ப்பு பிறந்த நாடும் மத்திய அரசு அரசிதழில் அறிவித்த நாடாக இருக்க வேண்டும். ஒரு நாடு நியூயார்க் உடன்படிக்கையில் சேர்ந்திருந்தால் மட்டும் போதாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சிங்கப்பூர் அறிவிக்கப்பட்ட நாடு; அந்த அறிவிக்கையின் நகலை இணைத்தால் கேள்வியே எழாது. சாட்சி விசாரணை காணொலியில் நடந்திருந்தாலும், தீர்ப்பில் நடுவர் மன்றத்தின் இடமாகக் குறிக்கப்பட்ட ஊரே கணக்கில் கொள்ளப்படும்.

தீர்ப்போ ஒப்பந்தமோ வேறு மொழியில் இருந்தால், சரியானது என்று சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். மனுதாரர் வெளிநாட்டு நிறுவனம் என்பதால், மனுவில் கையெழுத்திடுபவருக்கு அந்த அதிகாரத்தைத் தரும் இயக்குநர் குழுத் தீர்மானத்தையோ அதிகாரப் பத்திரத்தையோ சேர்ப்பது நடைமுறை. அதோடு தோற்றவரின் சொத்து விவரப் பட்டியலும் இருந்தால் ஜப்தி கேட்பது எளிதாகும்.

ஆவணம் ஒன்று விடுபட்டால் மனு அதோடு முடிந்துவிடுமா? சட்டம் ‘தர வேண்டும்’ என்றே கண்டிப்பாகச் சொல்கிறது. ஆனாலும் பி.இ.சி. நிறுவனத்துக்கும் ஆஸ்ட்பல்க் ஷிப்பிங் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் இதைத் தளர்த்திப் பொருள் கொண்டது. தாக்கல் செய்யும் நாளில் ஒப்பந்தம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மனுவைத் தள்ளக் கூடாது, பின்னர் தர இடம் கொடுக்க வேண்டும் என்றது. இது தாக்கல் கட்டத்துக்கான சலுகை மட்டுமே; ஆவணமே இல்லாமல் ஆணை பெற்றுவிட முடியாது.

முத்திரைத் தீர்வை கட்டவில்லை என்ற தடையும் முன்பு எழுப்பப்பட்டது. சென்னையின் ஸ்ரீராம் இ.பி.சி. நிறுவனம், ரியோகிளாஸ் சோலார் நிறுவனம் பெற்ற தீர்ப்புக்கு எதிராக இந்த வாதத்தை வைத்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற அந்த வழக்கில், 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம் சொல்லும் ‘தீர்ப்பு’ வெளிநாட்டுத் தீர்ப்பைக் குறிக்காது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

ஆவணங்கள் சரியாக அமைந்துவிட்டால், சுமை எதிர்மனுதாரர் பக்கம் திரும்புகிறது. 48ஆவது பிரிவில் உள்ள காரணங்களில் ஒன்றை அவர் நிறுவ வேண்டும்: ஒப்பந்தம் செல்லாது, தனக்கு முறையான அறிவிப்பு வரவில்லை, நடுவர் தமக்கு விடப்படாத விஷயத்தைத் தீர்த்தார், தீர்ப்பு பிறந்த நாட்டிலேயே ரத்தாகிவிட்டது என்பன போன்றவை அவை. பொதுக் கொள்கைக்கு எதிரானது என்ற காரணமும் உண்டு. ஆனால், மோசடி, ஊழல், இந்தியச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைக்கு முரண், அறத்துக்கும் நீதிக்கும் அடிப்படையான கருத்துகளுக்கு எதிர் என்ற அளவுக்குள் அதன் பொருள் சுருக்கப்பட்டுள்ளது. வந்த நிலக்கரி தரமற்றது, நடுவர் சாட்சியத்தைத் தவறாக எடைபோட்டார் என்று சென்னை நிறுவனம் சொன்னால் நீதிமன்றம் அதற்குள் போகாது. தீர்ப்பை ரத்து செய்யச் சிங்கப்பூரில் மனு நிலுவையில் இருந்தால், இங்குள்ள விசாரணையைத் தள்ளிவைத்து, தகுந்த பிணை தரும்படி உயர் நீதிமன்றம் ஆணையிடலாம்.

எதிர்ப்புகள் நிற்காவிட்டால், 49ஆவது பிரிவின்படி அந்தத் தீர்ப்பு உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பாணையாகவே கருதப்படும். இதற்குப் பின் தனியாக ஒரு வழக்குத் தொடர வேண்டியதில்லை. அதே நடவடிக்கையிலேயே ஜப்தியும் ஏலமும் கேட்கலாம் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் ஃபூயர்ஸ்ட் டே லாசன் வழக்கில் கூறியது. 5 லட்சம் டாலரை ரூபாயாக மாற்றும் நாள், எதிர்ப்புகள் இறுதியாகத் தள்ளப்பட்டுத் தீர்ப்பு நிறைவேற்றத்தக்கதாகும் நாள். இடையில் நீதிமன்றத்தில் கட்டப்பட்ட தொகை இருந்தால், அந்தப் பகுதிக்கு அது கட்டப்பட்ட நாளின் மதிப்பே பொருந்தும். இது 2024இல் டி.எல்.எஃப். வழக்கில் வகுக்கப்பட்ட விதி.

நிறைவேற்ற மறுக்கும் ஆணையை எதிர்த்து மனுதாரர் மேல்முறையீடு செய்யலாம். நிறைவேற்ற அனுமதிக்கும் ஆணையை எதிர்த்துத் தோற்றவர் அப்படிச் செய்ய 50ஆவது பிரிவு வழி தரவில்லை. உச்ச நீதிமன்றத்தின் சிறப்பு அனுமதியைக் கோருவது ஒன்றே அவருக்கு எஞ்சும்.